எழுதாத தேர்வுக்கு வந்த பூஜ்யம்

காலாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டையைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய மறுநாள் காலை, முதல் மணி அடிப்பதற்குள் ஓர் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் அட்டை.

“சார், கணக்குப் பரீட்சை அன்னைக்கு இவளுக்கு அம்மை போட்டிருந்துச்சு. லீவு லெட்டரை நான்தான் கொண்டாந்து குடுத்தேன். எழுதாத பரீட்சைக்கு எப்படி சார் பூஜ்யம் வந்துச்சு?”

அட்டையை வாங்கிப் பார்த்தேன். கணிதத்துக்கு நேரே 0 என்றுதான் இருந்தது. மதிப்பெண் பட்டியலைத் திறந்தால், பதினேழாவது பிள்ளையின் வரியில் கணிதக் கட்டத்தில் ‘AB’ என்று நான் அடித்தது அப்படியே இருக்கிறது. பட்டியலில் தவறில்லை, அட்டையில் தவறு. என்னைக் குழப்பியது இன்னொன்று. ஐந்தாவது பிள்ளை தமிழ்த் தேர்வுக்கு வரவில்லை. அவன் அட்டையில் ‘AB’ சரியாகவே அச்சாகியிருந்தது. ஒருவனுக்குச் சரியாக வந்தது இன்னொருத்திக்கு ஏன் வரவில்லை?

அதற்கு விடை தேடிக்கொண்டு போனபோதுதான், மதிப்பெண் பட்டியலிலிருந்து அட்டை தயாராகும் வழியை முழுதாகப் புரிந்துகொண்டேன். ஒன்பதாம் வகுப்பு, 43 பிள்ளைகள், ஐந்து பாடங்கள். இந்தக் கணக்கை வைத்தே சொல்கிறேன். உங்கள் வகுப்பில் எண்ணிக்கை மாறும், முறை மாறாது.

எக்செல் பட்டியலில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. எண், பெயர், ஐந்து மதிப்பெண் என்று அந்த வரி குறுக்கே ஓடுகிறது. அட்டையிலோ அதே பிள்ளைக்கு அரைப் பக்கம். பாடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும், பெற்றோர் கையெழுத்துக்கு இடம் வேண்டும், பள்ளிப் பெயர் மேலே வேண்டும். வரியாகக் கிடப்பதைப் பக்கமாக மாற்றி, அதையே 43 முறை செய்ய வேண்டும். வேர்டில் இருக்கும் ‘மெயில் மெர்ஜ்’ இதற்கானதுதான். அட்டையின் அச்சு ஒன்றை வேர்டில் வரைகிறோம். பெயர் வரவேண்டிய இடத்தில் பெயரை அடிக்காமல் «Name» என்ற குறியை வைக்கிறோம், கணித மதிப்பெண் வரவேண்டிய இடத்தில் «Maths». வேர்டு பட்டியலின் ஒவ்வொரு வரியாக எடுத்து, குறிகளின் இடத்தில் அந்த வரியில் உள்ளதை நிரப்பி, ஒரு நகல் போட்டுக்கொண்டே போகும். கல்யாணப் பத்திரிகை உறை மேல் விலாசம் அச்சிடுகிறவர்கள் பயன்படுத்துவதும் இதைத்தான்.

இதில் பாதி வேலை வேர்டில் இல்லை, எக்செலில் இருக்கிறது. நாம் வைத்திருக்கும் மதிப்பெண் பட்டியல் பெரும்பாலும் தகவல் பலகையில் ஒட்டுவதற்காகச் செய்தது. மேலே பள்ளிப் பெயர், அடுத்த வரியில் ‘காலாண்டுத் தேர்வு’, கட்டங்களை இணைத்து நடுவில் தலைப்பு, அதற்கும் கீழேதான் பாடப் பெயர்கள். மனிதக் கண்ணுக்கு இது தெளிவு. வேர்டோ முதல் வரியையே குறிகளின் பெயராக எடுத்துக்கொள்ளும். முதல் வரியில் பள்ளிப் பெயர் இருந்தால் அதுவே ஒரு குறியாகிவிடும், மற்றவை `F2`, `F3` என்று பெயரில்லாமல் வரும். ஆகவே பலகைப் பட்டியலைத் தொட வேண்டாம். அதே கோப்பில் `Marks` என்று ஒரு தாளில் வெறும் மதிப்பெண்ணை வையுங்கள். முதல் வரியில் தலைப்பு, இரண்டாம் வரியிலிருந்து 44-ஆம் வரி வரை பிள்ளைகள். A-யில் வரிசை எண், B-யில் பெயர், C முதல் G வரை தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். இணைத்த கட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இப்போது பூஜ்யத்துக்கு வருவோம்.

வேர்டு எக்செல் கோப்பை நேராகப் படிப்பதில்லை. இடையில் ஒரு மென்பொருள் அடுக்கு இருந்து எடுத்துக் கொடுக்கிறது. அந்த அடுக்குக்கு ஒவ்வொரு நெடுவரிசையும் எண்ணா எழுத்தா என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொள்ள அது முதல் எட்டுப் பிள்ளைகளின் வரிகளைப் பார்க்கிறது. எட்டிலும் எண்ணே இருந்தால், இந்த நெடுவரிசை முழுவதும் எண் என்று முடிவு கட்டிவிடுகிறது. பிறகு பதினேழாவது வரியில் ‘AB’ என்ற எழுத்து எதிர்ப்பட்டால், எண் அல்லாத ஒன்றை எண் நெடுவரிசையில் வைக்க வழியில்லாமல் விட்டுவிடுகிறது. அட்டையில் அது 0 ஆக விழுகிறது. தமிழ் நெடுவரிசையில் ஐந்தாவது வரியிலேயே ‘AB’ இருந்ததால், முதல் எட்டுக்குள் எழுத்தும் இருக்கிறது என்று கண்டு, அந்த நெடுவரிசை முழுவதையும் எழுத்தாகவே எடுத்துக்கொண்டது. அதனால் அந்தப் பையன் தப்பித்தான். பெயர் வரிசையில் முன்னால் வந்தவனுக்குச் சரியான அட்டை, பின்னால் வந்தவளுக்குப் பொய்யான பூஜ்யம்.

எச்சரிக்கை எதுவும் திரையில் வராது. 43 அட்டையும் அழகாகவே அச்சாகும். இந்தப் பிழை இத்தனை நாள் பிடிபடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

தீர்வு எளிது. வேர்டு படிக்கும் தாளில் மதிப்பெண் எல்லாமே எழுத்தாக இருந்துவிட்டால் ஊகத்துக்கு இடமே இல்லை. அதற்காக `Card` என்று இரண்டாவது தாள் ஒன்றைத் தொடங்குகிறோம். இது நாம் அடிக்கிற தாளல்ல. `Marks` தாளிலிருந்து சூத்திரத்தால் எடுத்துக்கொள்கிற தாள். வரிசை எண்ணும் பெயரும் அப்படியே வரலாம், `=Marks!A2`, `=Marks!B2` என்று. தமிழ் மதிப்பெண்ணுக்கு, C2 கட்டத்தில் இது:

```
=IF(Marks!C2="","?",IF(Marks!C2="AB","வரவில்லை",Marks!C2&""))
```

கடைசியில் இருக்கும் `&""` என்பதுதான் எண்ணை எழுத்தாக்குகிறது. 87 என்ற எண்ணோடு வெறுமையான ஓர் எழுத்துத் துணுக்கை ஒட்டினால், கிடைப்பது ‘87’ என்ற எழுத்து. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எண்ணாக இருந்தால் எக்செல் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்தாக இருந்தால் இடப்பக்கம் ஒட்டும். அதை வைத்தே ஒரு பார்வையில் சரிபார்த்துவிடலாம்.

சூத்திரத்தின் முதல் பகுதியைப் பலர் வேண்டாத வேலை என்று நினைப்பார்கள். எனக்கு அதுதான் முக்கியம். எக்செலில் ஒரு வெற்றுக் கட்டத்தைச் சும்மா `=Marks!C2` என்று காட்டினால் கிடைப்பது வெறுமை அல்ல, 0. அறிவியல் ஆசிரியர் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை இன்னும் தரவில்லை, கட்டம் காலியாக இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்கும் அட்டையில் பூஜ்யம் விழும். உண்மையிலேயே பூஜ்யம் வாங்கியது, தேர்வுக்கு வராதது, மதிப்பெண் இன்னும் ஏறாதது ஆகிய மூன்றும் வேறு வேறு செய்திகள். வீட்டில் அட்டையைப் பார்க்கிற அப்பாவுக்கு இந்த மூன்றும் ஒரே பூஜ்யமாகப் போய்ச் சேரக் கூடாது. கேள்விக்குறி வந்தால் அச்சிடும் முன்பே கண்ணில் குத்தும்.

இந்தச் சூத்திரத்தை வலப்பக்கம் G வரைக்கும், கீழே 44-ஆம் வரி வரைக்கும் இழுத்துவிடுங்கள். அதற்கு மேல் இழுக்க வேண்டாம். கூடுதலாக இழுத்த ஒவ்வொரு வரிக்கும் பெயரில்லாத ஓர் அட்டை அச்சாகும்.

மொத்தமும் தேர்ச்சியும் `Card` தாளிலேயே கணக்கிட வேண்டியவை. ஆனால் கணக்குக்கான எண்ணை `Marks` தாளிலிருந்து எடுக்க வேண்டும், ஏனென்றால் இங்கே இருப்பதெல்லாம் இப்போது எழுத்து. இங்கே `SUM` போட்டால் மொத்தம் 0 என்று வரும். H2-வில் மொத்தம், I2-வில் முடிவு:

```
=IF(COUNTIF(Marks!C2:G2,"AB")>0,"—",SUM(Marks!C2:G2)&"")
=IF(COUNTIF(Marks!C2:G2,">=35")=5,"தேர்ச்சி","—")
```

இரண்டாவது சூத்திரம் 35-க்குக் குறையாத பாடங்களை எண்ணுகிறது. ஐந்தும் இருந்தால்தான் தேர்ச்சி. ‘AB’ எண் அல்ல என்பதால் அது கணக்கில் சேராது, தனியாகக் கவனிக்க வேண்டியதில்லை. வராத பிள்ளைக்கு மொத்தத்தில் கோடு போடுவது என் முடிவு. நான்கு பாட மொத்தத்தை 500-க்கு எதிரே வைத்தால், அந்த அம்மா வந்து கேட்ட அதே அநியாயம் வேறு உருவில் வந்துவிடும். உங்கள் பள்ளியில் வேறு வழக்கம் இருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளலாம்.

சதவீதம் போடுகிறவர்கள் `TEXT(...,"0.0")` என்று சூத்திரத்திலேயே சுற்றிவிட வேண்டும். எக்செல் திரையில் 87.6 என்று காட்டுவது நாம் கொடுத்த அலங்காரம் மட்டுமே. வேர்டு அலங்காரத்தை எடுப்பதில்லை, உள்ளே கிடக்கும் எண்ணை எடுக்கும். 87.59999999999999 என்று நீண்ட வாலோடு அட்டையில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன எழுத்தாக்கும் வேலை இதையும் சேர்த்துத் தீர்த்துவிடும்.

எழுத்துருவிலும் இதே கதைதான். பெயர்களைப் பாமினியிலோ வானவில்லிலோ அடித்து வைத்திருக்கும் பள்ளிகள் இன்னும் உண்டு. அந்தக் கட்டத்தில் உண்மையில் இருப்பவை ஆங்கில விசைகளின் எழுத்துகள். எழுத்துரு போர்த்தியிருப்பதால் தமிழாகத் தெரிகிறது. வேர்டுக்குப் போகும்போது போர்வை போய்விடும், பெயருக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். வேர்டில் «Name» குறியைத் தேர்ந்தெடுத்து அதே எழுத்துருவைக் கொடுத்தால் தற்காலிகமாகச் சரியாகும். யூனிகோடில் ஒரு முறை அடித்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும்.

இனி வேர்டு. புது ஆவணம் திறந்து `Mailings` பட்டையில் `Start Mail Merge`, அதில் `Letters`. பிறகு `Select Recipients`, `Use an Existing List`, நம் எக்செல் கோப்பு. எந்தத் தாள் என்று கேட்கும்போது `Card$` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வரி தலைப்பு என்ற குறியீடு போட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். எக்செல் கோப்பைச் சேமித்துவிட்டு வர வேண்டும். சேமிக்காத திருத்தம் வேர்டுக்குத் தெரியாது. `Card` தாளின் தலைப்புகளை `Name`, `Tamil`, `Maths` என்று இடைவெளி இல்லாத சிறு சொற்களாக வைத்தால் குறிகளைத் தேடி எடுப்பது எளிது.

ஓர் அட்டைக்கு முழு ஏ4 தாள் தேவையில்லை. பாதியே போதும், தாள் செலவும் பாதி. ஒரு தாளில் மேலே ஓர் அட்டை, கீழே ஓர் அட்டை. இந்த இடத்தில்தான் அச்சு வடிவம் கவனம் கேட்கிறது, அதனால் சற்று நின்று சொல்கிறேன்.

ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. நடுவில் வெட்டினால் 14.85. வெட்டுக்கோடு எல்லாத் தாளிலும் அதே இடத்தில் வர வேண்டும், ஒரு மில்லிமீட்டர்கூட ஊரக் கூடாது, ஏனென்றால் 22 தாளையும் அடுக்கி ஒரே முறை வெட்டப் போகிறோம். எண்டர் தட்டித் தட்டி இடைவெளி விட்டு இதைச் செய்ய முடியாது. ‘மீனாட்சிசுந்தரம்’ போன்ற நீண்ட பெயர் வந்து, தலைப்பெழுத்தும் சேர்ந்து, கட்டத்துக்குள் இரண்டாவது வரிக்கு மடிந்தால், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அரை செ.மீ. இறங்கிவிடும். கீழ் அட்டையின் பள்ளிப் பெயர்மேல் கத்தி போகும்.

ஆகவே பக்கம் முழுவதையும் ஒரே நெடுவரிசையும் இரண்டு வரிசையும் உள்ள ஒரு பெரிய அட்டவணையாகப் போட்டுக்கொள்கிறேன். அட்டவணைப் பண்புகளில் வரிசை உயரத்தை 13.8 செ.மீ. என்று கொடுத்து, பக்கத்தில் இருக்கும் `At least` என்பதை `Exactly` என்று மாற்ற வேண்டும். `At least` என்றால் உள்ளே இருப்பது பெருத்தால் வரிசையும் பெருக்கும். `Exactly` என்றால் என்ன ஆனாலும் உயரம் மாறாது. பக்கத்தின் மேல் ஓரம் 1.05, கீழ் ஓரம் 0.9. 1.05-உம் 13.8-உம் சேர்ந்தால் 14.85. இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள கோடு தாளின் சரிபாதியில் விழும்.

கணக்கு சரியாக இருந்தும் முதல் முறை எனக்கு ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு வெற்றுத் தாள் வந்தது. அட்டவணைக்குப் பிறகு வேர்டு கட்டாயம் ஒரு வெற்றுப் பத்தியை வைத்திருக்கும். அதை அழிக்க முடியாது. அதற்கு இடமில்லாமல் அது அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 1 ஆக்கி, முன்பின் இடைவெளியை 0 ஆக்கி, வரி இடைவெளியையும் `Exactly` 1 புள்ளி என்று கொடுத்தால் இருக்கிற இடத்திலேயே அடங்கிக்கொள்ளும். கீழே ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சம் விட்டிருப்பது அதற்காகத்தான்.

மேல் வரிசைக்குள் அட்டையை வரையுங்கள். பள்ளிப் பெயர், தேர்வின் பெயர், «Name», அதன்கீழ் பாடமும் மதிப்பெண்ணுமாக ஒரு சிறு அட்டவணை, மொத்தம், முடிவு, வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் கையெழுத்து. எல்லாம் சரி என்றானபின் முழுவதையும் நகலெடுத்துக் கீழ் வரிசையில் ஒட்டுங்கள். ஒட்டியதும், கீழ் அட்டையின் தொடக்கத்தில், முதல் குறிக்கும் முன்னால் கர்சரை வைத்து `Rules` பட்டியலில் `Next Record` என்பதைச் சேர்க்க வேண்டும். அடுத்த பிள்ளையின் வரிக்குப் போ என்று வேர்டுக்கு அது சொல்கிறது. அதை மறந்தால் மேலும் கீழும் ஒரே பிள்ளையின் அட்டை வரும், தாளும் 22-க்குப் பதில் 43 ஆகும். தாள் எண்ணிக்கையே தவறைக் காட்டிக் கொடுத்துவிடும்.

வெட்டிய பிறகு அடுக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் தாளில் மேலே 1, கீழே 2. அடுத்த தாளில் 3, 4. அடுக்கி வெட்டினால் ஒரு கட்டில் ஒற்றைப்படை எண்கள், இன்னொரு கட்டில் இரட்டைப்படை எண்கள். 43 அட்டையையும் சீட்டுக்கட்டு போலக் கோத்து எடுக்க வேண்டும். ஒரு வகுப்புக்குப் பரவாயில்லை, பத்துப் பிரிவுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். அதற்குப் பதிலாக மேல் பாதியில் 1 முதல் 22 வரையும், கீழ் பாதியில் 23 முதல் 43 வரையும் வரும்படி அச்சிட்டால், வெட்டியதும் ஒரு கட்டை இன்னொன்றின் கீழ் வைத்தால் போதும், வரிசை தயார். முதல் தாளில் 1-உம் 23-உம், இரண்டாம் தாளில் 2-உம் 24-உம். `Card` தாளின் J நெடுவரிசைக்கு `Order` என்று தலைப்பிட்டு இதை இடுங்கள்:

```
=IF(A2<=22,2*A2-1,2*(A2-22))
```

22 என்பது தாள்களின் எண்ணிக்கை. முதல் பிள்ளைக்கு 1, இருபத்துமூன்றாவது பிள்ளைக்கு 2, இரண்டாவது பிள்ளைக்கு 3 என்று எண் கிடைக்கும். பிறகு வேர்டில் `Edit Recipient List` திறந்து `Order` என்ற தலைப்பைச் சொடுக்கினால் அந்த வரிசையில் அடுக்கிக்கொள்ளும். எக்செலில் `Card` தாளையே வரிசைப்படுத்தப் போகாதீர்கள். அங்கே உள்ளவை வேறு தாளைப் பார்க்கும் சூத்திரங்கள். வரியை இடம் மாற்றினால் ஒருவர் பெயருக்கு இன்னொருவர் மதிப்பெண் வரும் அபாயம் இருக்கிறது. பிள்ளைகள் 43 என்பதால் கடைசித் தாளின் கீழ்ப்பாதி பெயரில்லாத வெற்று அட்டையாக வரும், அதை எடுத்துப் போட்டுவிடலாம். A நெடுவரிசையில் இடைவெளி இல்லாத வரிசை எண்தான் இருக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போன பிள்ளையின் எண் நடுவில் விடுபட்டிருந்தால் இந்தக் கணக்கு பிசகும்.

`Finish & Merge` போய் நேரே அச்சுக்கு அனுப்பாமல், `Edit Individual Documents` என்பதையே தேர்ந்தெடுங்கள். 22 பக்கமும் ஒரே ஆவணமாகத் திறக்கும். அச்சுக்கு முன் பார்க்க வேண்டிய அட்டைகள் மூன்றே வகை. முதலாவது, நீளமான பெயருள்ள பிள்ளையின் அட்டை. உயரத்தை `Exactly` என்று பூட்டியிருப்பதால், இடம் போதாவிட்டால் கீழே தள்ளாமல் கையெழுத்துக் கோட்டைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். அந்த ஓர் அட்டையில் கோடு முழுதாகத் தெரிந்தால் மற்ற எல்லாவற்றிலும் தெரியும். எது நீளமான பெயர் என்று `=LEN(B2)` காட்டிவிடும். இரண்டாவது, தேர்வுக்கு வராத பிள்ளைகளின் அட்டைகள், ஒன்று விடாமல். மூன்றாவது, கடைசிப் பிள்ளையின் அட்டை. அது சரியாக இருந்தால் நடுவில் வரி எதுவும் நழுவவில்லை என்று பொருள். கூடவே `Ctrl+F` அழுத்திக் கேள்விக்குறியைத் தேடிப் பாருங்கள். ஒன்றுகூட அகப்படக் கூடாது.

பிழை தொடங்கும் இடம் மதிப்பெண் அடிக்கிற இடமாகவும் இருக்கலாம். ஒரு ஆசிரியர் ‘AB’ என்பார், இன்னொருவர் ‘Abs’ என்பார், மூன்றாமவர் வெறும் கோடு போடுவார். நம் சூத்திரத்துக்கு ‘AB’ மட்டுமே தெரியும். `Marks` தாளில் C2 முதல் G44 வரை தேர்ந்தெடுத்து, `Data Validation` பகுதியில் `Custom` என்று வைத்து இந்த விதியைக் கொடுத்துவிட்டால், 0 முதல் 100 வரையிலான எண்ணையும் ‘AB’ என்பதையும் தவிர வேறெதையும் கட்டம் ஏற்காது:

```
=OR(C2="AB",AND(ISNUMBER(C2),C2>=0,C2<=100))
```

ஒரு குறை இதில் உண்டு. கையால் அடிப்பதைத்தான் இந்த விதி தடுக்கும். வேறு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் தடுக்காது. பாட ஆசிரியர்கள் தனித்தனிக் கோப்பாகத் தருகிற பள்ளியில், ஒட்டிய பிறகு நெடுவரிசையை ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பார்ப்பது தவிர வழியில்லை.

அந்த அம்மாவை அன்று மதியம் வரச் சொல்லியிருந்தேன். சூத்திரத்தைத் திருத்தி மறுபடியும் இணைத்தேன். ஒரே ஒரு தாளை மட்டும் அச்சிடப் போனபோது இன்னொன்று தெரிந்தது. இணைத்த ஆவணத்தில் ஒவ்வொரு தாளும் தனிப் பிரிவு, பக்க எண் ஒவ்வொன்றிலும் 1 என்றே தொடங்குகிறது. அதனால் அச்சுப் பெட்டியில் பக்க எண்ணாக 17 என்று போட்டால் வேர்டுக்குப் புரிவதில்லை. பதினேழாவது பிரிவு என்று சொல்ல `s17` என்று அடிக்க வேண்டும். அந்தத் தாளில் மேலே அவள் அட்டை, கீழே முப்பத்தொன்பதாவது பிள்ளையின் அட்டை.

புதிய அட்டையில் கணிதத்துக்கு நேரே ‘வரவில்லை’ என்றும் மொத்தத்தில் ஒரு கோடும் இருந்தன. அந்த அம்மா படித்துப் பார்த்து, பழைய அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இதுல கையெழுத்துப் போடறேன் சார்” என்று பேனா கேட்டார்.

அரையாண்டு அட்டையை இந்த முறையில் தயாரிக்கப் போகும் ஆசிரியர்கள், தேர்வுக்கு வராத பிள்ளைகளின் பெயர்களை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டை அச்சானதும் அந்தப் பெயர்களின் அட்டைகளைத் தனியே எடுத்துப் பார்த்த பிறகே வகுப்பில் கொடுங்கள்.